ஒரே சந்து, இரண்டு கணக்கெடுப்பு: தாராவியில் வேலை செய்பவர் எண்ணிக்கை ஏன் ஒத்துவரவில்லை?

மாட்டுங்கா_மாணவி

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரித் திட்டத்துக்காகத் தாராவியின் சிறுதொழில்களைப் பற்றி எழுதுகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு பகுதிக்கு “வேலை செய்பவர்கள்” என்று ஓர் எண் இருக்கிறது. 2013-14-இல் நடந்த 6-ஆவது பொருளாதாரக் கணக்கெடுப்பிலும் “வேலை செய்பவர்கள்” என்று ஓர் எண் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒட்டவே இல்லை. இரண்டு மூன்று வருட இடைவெளியால் வந்த வித்தியாசமா, இல்லை இரண்டும் வேறு வேறு பொருளா? இரண்டையும் கூட்டி, கழித்து ஏதாவது சொல்ல முடியுமா?

சயான்_சங்கரன்

ரொம்ப சிம்பிள் தங்கச்சி. பொருளாதாரக் கணக்கெடுப்புன்னா கடைப் பதிவுக்கு வாங்குற குமாஸ்தா லைசன்ஸ், ஜிஎஸ்டி இருக்கிற கடை, கம்பெனிகளை எண்ணுறது. சென்சஸ்னா ஆளை எண்ணுறது. தாராவியில பாதிப் பட்டறைக்கு லைசன்ஸே கிடையாது. அதனால பொருளாதாரக் கணக்குல எண்ணிக்கை குறைவாத்தான் வரும். இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?

பழைய_மேற்பார்வை

சங்கரன் சொன்னதில் பாதி சரி. ஒன்று இடத்தை வைத்து எண்ணுகிறது, மற்றது ஆளை வைத்து எண்ணுகிறது என்பது உண்மை. லைசன்ஸ் விஷயம் மட்டும் சரியில்லை. பொருளாதாரக் கணக்கெடுப்பில் கணக்கெடுப்பாளர் கையில் லைசன்ஸ் பட்டியல் எதுவும் இருக்காது. வீடு வீடாக, கதவு கதவாகத்தான் போவார். பதிவு உண்டா இல்லையா என்பது ஒரு நிறுவனத்தைச் சேர்ப்பதற்கு நிபந்தனையே அல்ல.

அங்கே “நிறுவனம்” என்பதற்கு அளவுகோல் இவ்வளவுதான்: ஓர் இடம், பெரும்பாலும் ஒரே வகைத் தொழில், செய்வதில் கொஞ்சமாவது விற்பனைக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டால் நிறுவனம் இல்லை. ஒருவர் தனியாளாகச் செய்தாலும் நிறுவனம்தான். ஒரே முதலாளிக்கு இரண்டு இடத்தில் இரண்டு கடை என்றால் இரண்டு நிறுவனம்.

இதனால்தான் 6-ஆவது கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 5.85 கோடி நிறுவனங்கள், அவற்றில் சுமார் 13.13 கோடி ஆட்கள் என்று வந்தது. சராசரியாக ஒரு நிறுவனத்துக்கு இரண்டேகால் ஆள் கூட இல்லை. லைசன்ஸ் உள்ளதை மட்டும் எண்ணியிருந்தால் இப்படி ஒரு சராசரி வருமா? அந்த 5.85 கோடியில் பத்துக்கு ஏழு, சம்பளத்துக்கு ஓர் ஆள் கூட வைக்காதவை.

விடுபடுவதும் உண்டு. பயிர் விளைவிப்பது, தோட்டப்பயிர், அரசு நிர்வாகம், பாதுகாப்புப் படை இவற்றை எண்ணவே மாட்டார்கள். தாராவிக்கு முதல் இரண்டும் பொருந்தாது, மூன்றாவது பொருந்தும். அதைப் பிறகு சொல்கிறேன்.

செம்பூர்_லலிதா

மாணவிக்கு ஒன்று. 2011-க்கும் 2013-14-க்கும் உள்ள வித்தியாசத்தை “வருட இடைவெளி” என்று தள்ளிவிடாதீர்கள். ஒரே நாளில் இரண்டு கணக்கெடுப்பும் நடந்திருந்தாலும் எண்கள் வேறாகத்தான் வந்திருக்கும். 1980-லும் 1990-லும் பொருளாதாரக் கணக்கெடுப்பை அடுத்து வந்த சென்சஸின் வீட்டுப் பட்டியல் வேலையோடு சேர்த்தே நடத்தினார்கள். அப்போதும் இரண்டிலும் “வேலை செய்பவர்” ஒன்றாக இல்லை.

சென்சஸ் கேட்பது: இந்த வீட்டில் வழக்கமாக இருக்கும் இவர், கடந்த ஒரு வருடத்தில் வேலை செய்தாரா? ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் செய்திருந்தால் முதன்மைத் தொழிலாளர், குறைவாகச் செய்திருந்தால் குறுகிய காலத் தொழிலாளர். அவர் எங்கே போய் வேலை செய்கிறார் என்பது எண்ணிக்கையை மாற்றாது. தூங்கும் இடத்தில் எண்ணப்படுவார்.

பொருளாதாரக் கணக்கெடுப்பு கேட்பது: இந்த இடத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? அதில் சம்பள ஆள் எத்தனை, சம்பளமில்லாத ஆள் எத்தனை, ஆண் பெண் எத்தனை? அவர் இரவில் எங்கே தூங்குகிறார் என்பது யாருக்கும் தேவையில்லை. காலையில் ஒரு கடை, மாலையில் வேறொரு கடை என்று வேலை பார்ப்பவர் இரண்டு முறை எண்ணப்படுவார். சென்சஸில் ஒரே முறைதான்.

தாராவி_90அடி

சார் ஒரு சந்தேகம். எங்க பட்டறை கதவுல முன்னாடி கணக்கு எடுக்க வந்தவங்க நம்பர் எழுதிட்டுப் போனாங்க. அந்தக் கணக்குல எங்க பேரு இருந்தா மறுசீரமைப்புல இடம் கிடைக்க அது ஆதாரமா ஆகுமா? அந்தப் பேப்பரை எங்க வாங்குறது?

பழைய_மேற்பார்வை

அண்ணே, அது வேறு, இது வேறு. மறுசீரமைப்புக்கு வரும் சர்வே தகுதி பார்ப்பதற்காக வருவது. அதில் இன்ன தேதிக்கு முன் இருந்தீர்களா என்று பார்ப்பார்கள், பேப்பர் கேட்பார்கள். கணக்கெடுப்பாளர் கதவில் எழுதும் எண், வீட்டை விட்டுவிடாமல் இருப்பதற்கான வரிசை எண். உரிமைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

சென்சஸில் எழுதியது 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டப்படி ரகசியம். யாரும் பார்க்கக் கேட்க முடியாது, சிவில் வழக்கில் சாட்சியாகவும் வைக்க முடியாது. 2019-இல் தொடங்கிய 7-ஆவது பொருளாதாரக் கணக்கெடுப்பு 2008-ஆம் ஆண்டின் புள்ளிவிவரத் திரட்டுச் சட்டத்தின் கீழ் நடந்தது. அந்தச் சட்டப்படியும் தனி நபர், தனிக் கடை விவரத்தைப் புள்ளிவிவரத்துக்குத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. ஆக உங்களுக்கு ஆதாரமாகவும் ஆகாது, உங்களுக்கு எதிராகவும் ஆகாது. மின்சார பில், வாடகை ரசீது, குமாஸ்தா இவற்றைத் தேடி வையுங்கள்.

தாராவி_90அடி

சரிங்க சார். அப்ப அந்த நம்பரை அழிச்சா ஒண்ணும் ஆகாதுல்ல? பெயின்ட் அடிக்கணும்.

பழைய_மேற்பார்வை

வேலை நடந்துகொண்டிருக்கும் நாட்களில் மட்டும் அழிக்காதீர்கள். மேற்பார்வையாளர் சரிபார்க்க வரும்போது அந்த எண்ணைத்தான் தேடுவார். முடிந்த பிறகு தாராளமாக அடிக்கலாம்.

மாணவிக்கு ஒரு சந்து வரைந்து காட்டுகிறேன். கற்பனைச் சந்துதான், ஆனால் தாராவியில் இந்த மாதிரி ஐந்து கதவைப் பார்க்காமல் நடக்க முடியாது.

முதல் கதவு: கீழே தோல் பை தைக்கும் கார்கானா. முதலாளி தினமும் வந்து உட்கார்ந்து வெட்டுவார், வீடு சயானில். சம்பளத்துக்கு 6 பேர். அதில் 5 பேர் பீகார்க்காரர்கள், மேலே மாளா என்னும் பரணிலேயே படுக்கிறார்கள். ஆறாவது ஆள் கல்யாணிலிருந்து ரயிலில் வருகிறார்.

இரண்டாவது கதவு: இரும்பு ஏணி ஏறினால் ஒரு குடும்பம். கணவர் சைக்கிளில் இட்லி விற்கிறார். மனைவியும் மாமியாரும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அவித்துத் தருகிறார்கள். மகள் பாந்த்ரா குர்லா வளாகத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை.

மூன்றாவது: மளிகைக் கடை, பின்னால் வீடு. கணவனும் மனைவியும் மாறி மாறி உட்காருகிறார்கள். ஒரு பையன் சம்பளத்துக்கு, அவன் வேறு பிளாக்கிலிருந்து வருகிறான்.

நான்காவது: கணவர் சொந்த டாக்ஸி ஓட்டுகிறார். மனைவி மாட்டுங்காவில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். மகன் கிடைத்த நாளில் கட்டட வேலைக்குப் போகிறான்.

ஐந்தாவது: மனைவி ஆயத்த ஆடைகளில் நூல் வெட்டும் வேலையை வீட்டில் வைத்துச் செய்கிறார், பீஸுக்கு இவ்வளவு என்று. கணவர் மந்த்ராலயாவில் பியூன்.

இனிப் பொருளாதாரக் கணக்கெடுப்பு. தோல் கார்கானா 1 நிறுவனம், 7 ஆள்: சம்பள ஆள் 6, முதலாளி 1. இட்லி 1 நிறுவனம், 3 ஆள், எல்லோரும் சம்பளமில்லாதவர்கள். மளிகை 1 நிறுவனம், 3 ஆள். டாக்ஸி 1 நிறுவனம், 1 ஆள். நூல் வெட்டு 1 நிறுவனம், 1 ஆள். மொத்தம் 5 நிறுவனம், 15 ஆள்.

சென்சஸ்: மாளாவில் படுக்கும் 5 பேர். இட்லி வீட்டில் மகளையும் சேர்த்து 4. மளிகை வீட்டில் 2. டாக்ஸி வீட்டில் 3. ஐந்தாவது வீட்டில் 2. மொத்தம் 16.

சயான்_சங்கரன்

அட, 15-ம் 16-ம். கிட்டத்தட்ட ஒண்ணுதானே? இதுக்கா இவ்வளவு பேச்சு?

பழைய_மேற்பார்வை

இந்த இடத்தில்தான் எல்லோரும் ஏமாறுவது. இரண்டிலும் இருக்கும் ஆட்களைப் பெயர் பெயராக ஒத்துப் பாருங்கள். மாளா 5, இட்லி 3, மளிகை 2, டாக்ஸி 1, நூல் 1 என்று 12 பேர்தான் பொது.

பொருளாதாரக் கணக்கில் மட்டும் 3 பேர்: தோல் முதலாளி, கல்யாண்காரர், மளிகைப் பையன். சென்சஸ் இவர்களை வேறு பிளாக்கில், கல்யாண்காரரை வேறு மாவட்டத்திலேயே எண்ணியிருக்கும்.

சென்சஸில் மட்டும் 4 பேர்: மகள், வீட்டுவேலை செய்யும் அம்மா, கட்டட வேலைப் பையன், மந்த்ராலயா பியூன். இதில் மகள் ஒருத்திதான் பொருளாதாரக் கணக்கில் வேறு இடத்தில், அந்த அலுவலகத்தின் பெயரில் வருவாள். மற்ற மூன்று பேரும் அதில் எங்குமே வரமாட்டார்கள். பிறர் வீட்டில் வேலை செய்வது, ஒரு வீடானாலும் பல வீடானாலும், நிறுவனம் இல்லை. கிடைத்த வேலைக்குப் போகும் தினக்கூலியும் இல்லை. பியூன் அரசு நிர்வாகம், அதனால் இல்லை.

எனவே மாணவி கேட்ட கூட்டல் கழித்தலுக்குப் பதில்: ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து “இவ்வளவு பேர் வேலைக்கு வெளியே போகிறார்கள்” என்று எழுதாதீர்கள். மேலே உள்ள சந்தில் கழித்தால் 1 வரும். டாக்ஸிக்காரரையும் இட்லிக்காரரையும் விட்டாலும் உண்மையில் வெளியே போகிறவர்கள் நான்கு பேர், உள்ளே வருகிறவர்கள் மூன்று பேர்.

மாட்டுங்கா_மாணவி

ரொம்பத் தெளிவாக இருக்கிறது, நன்றி சார். இரண்டு சந்தேகம். இட்லிக்காரர் விற்பது சயான் ஸ்டேஷன் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவரை எண்ண மாட்டார்களா? அப்புறம் அந்த 5 பீகார்க்காரர்களை சென்சஸ் ஒரு குடும்பமாக எடுக்குமா?

பழைய_மேற்பார்வை

முதல் கேள்விக்கு நான். நிலையான கட்டுமானம் இல்லாமல் வெளியே செய்யும் தொழிலை, அதாவது சைக்கிள் வியாபாரம், தலைச்சுமை, டாக்ஸி, ரிக்‌ஷா போன்றவற்றை, அதைச் செய்பவர் வசிக்கும் வீட்டில்தான் எழுதுவார்கள். தெருவில் நிற்பவரை அங்கேயே எண்ணினால் காலையில் சயானில் ஒரு தடவை, பத்து மணிக்கு மாட்டுங்காவில் இன்னொரு தடவை என்று ஆகிவிடும். அதனால் பொருளாதாரக் கணக்கெடுப்பு வேலையிடத்தில் எண்ணுகிறது என்று சொன்னாலும், இந்த ஒரு வகைக்கு மட்டும் அது வசிப்பிடக் கணக்குதான். தாராவியில் இந்த வகை நிறைய. “சயானில் இட்லி வியாபாரம் எவ்வளவு” என்று அந்த வார்டின் எண்ணைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, இட்லி எல்லாம் தாராவிக் கணக்கில் இருக்கும்.

இன்னொன்று: டப்பா, பெட்டிக்கடை மாதிரி ஒரே இடத்தில் நிலையாக நிற்கும் கட்டுமானம் இருந்தால் அது நிலையான இடம் உள்ள நிறுவனம், அங்கேயே எழுதுவார்கள். தள்ளுவண்டி தினமும் ஒரே மூலையில் நின்றாலும் நிலையான கட்டுமானம் ஆகாது. இதில் கணக்கெடுப்பாளர்கள் அடிக்கடி தடுமாறுவார்கள். ஒருவர் மூலையில் எழுதுவார், இன்னொருவர் வீட்டில் எழுதுவார், ஆள் இரண்டு தடவை வருவார். அல்லது இருவரும் “அவர் எழுதியிருப்பார்” என்று விட்டுவிடுவார்கள்.

செம்பூர்_லலிதா

இரண்டாவது கேள்வி சுவாரஸ்யமானது. சென்சஸில் குடும்பம் என்பது உறவு பார்த்து அல்ல, சமையலறை பார்த்து. ஐந்து பேரும் சேர்ந்து ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டால், சொந்தக்காரர் இல்லையென்றாலும் ஒரே குடும்பம். ஒவ்வொருவரும் தனித்தனியாக வெளியே மெஸ்ஸில் சாப்பிட்டால் ஐந்து பேரும் ஐந்து தனிக் குடும்பம். ஒரே மாளா, ஒரே பாய், ஐந்து குடும்பம்!

அதனால் தாராவி மாதிரி இடத்தில் குடும்ப எண்ணிக்கை, சராசரிக் குடும்ப அளவு இரண்டையும் பார்த்துப் பேச வேண்டும். “ஒருவர் குடும்பம்” அதிகம் என்றால் தனியாக வாழும் முதியவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்த இடமும் கவனிக்க வேண்டியது. வீட்டுப் பட்டியலில் ஒவ்வொரு கதவுக்கும் என்ன பயன் என்று எழுதுவார்கள்: குடியிருப்பு, குடியிருப்போடு வேறு பயன், கடை அல்லது அலுவலகம், தொழிற்சாலை அல்லது பட்டறை என்று. மாளாவுக்கு வெளியிலிருந்து தனி ஏணியும் தனி வாசலும் இருந்தால் அது தனி வீடு. பட்டறைக்குள்ளிருந்தே ஏறினால் முழுவதும் ஒரே வீடு, “குடியிருப்போடு வேறு பயன்” என்று வரும். பகலில் வரும் கணக்கெடுப்பாளர் மெஷின் ஓடுவதைப் பார்த்துப் “பட்டறை” என்று எழுதிவிட்டால் அந்த ஐந்து பேரும் மக்கள்தொகையிலிருந்தே காணாமல் போவார்கள். பொருளாதாரக் கணக்கில் பத்திரமாக இருப்பார்கள்.

முறுக்கு_செல்வி

நானும் கேட்டுக்கலாமா? நாங்க முறுக்கு, அதிரசம் தீபாவளி சமயத்துல மட்டும் போடுவோம், மூணு மாசம். நானும் என் நாத்தனாரும், சீசன்ல ஒரு பொண்ணு கூலிக்கு. போன தடவை வந்த பையன் “இங்க கோயி தந்தா ஹை க்யா”ன்னு கேட்டதுக்கு இல்லைன்னு சொல்லிட்டோம். அப்ப மார்ச் மாசம், அடுப்பே பத்த வைக்கல. தப்பாங்க?

செம்பூர்_லலிதா

செல்வி அக்கா, உங்கள் மேல் தப்பு இல்லை, கேள்வி கேட்ட விதம் தப்பு. மும்பையில் தொழிலைக் குறிக்கும் “தந்தா” என்ற சொல்லைக் கேட்டாலே மாநகராட்சியா, வரியா என்று கதவு பாதி சாத்தப்படும். கேட்க வேண்டியது இப்படி: “இந்த வீட்டில் யார் யார் என்ன செய்கிறார்கள்? வீட்டில் செய்து வெளியே விற்பது, வாங்கி வந்து செய்து கொடுப்பது ஏதாவது உண்டா? வருடத்தில் எந்த மாதமானாலும் சரி.”

உங்கள் முறுக்கு வீட்டுக்குள் நடக்கும் நிறுவனம், பருவகாலத் தொழில். ஒவ்வொரு தொழிலுக்கும் வருடம் முழுவதுமா, பருவத்துக்கா, எப்போதாவதா என்று குறியீடு போடுவார்கள். மார்ச் மாதம் அடுப்பு அணைந்திருந்தாலும் பருவத் தொழில் என்று வர வேண்டும்.

சென்சஸில் உங்களுக்கு வேறு முகம். வருடத்தில் மூன்று மாதம் செய்தால் குறுகிய காலத் தொழிலாளர். உங்களுக்கும் நாத்தனாருக்கும் “வீட்டுத் தொழில்” என்ற பிரிவு. நகரத்தில் வீட்டு வளாகத்துக்குள்ளேயே, பெரும்பாலும் வீட்டு ஆட்களே செய்தால்தான் அந்தப் பிரிவு. வீட்டில் டியூஷன் எடுத்தால் அது வராது, “பிற தொழிலாளர்” என்று போகும். கூலிக்கு வரும் பெண்ணை அவர் வீட்டில்தான் எண்ணுவார்கள்.

முறுக்கு_செல்வி

சரிங்க லலிதா. எவ்வளவு சம்பாதிக்கிறீங்கன்னு கேப்பாங்களோன்னுதான் பயம்.

பழைய_மேற்பார்வை

6-ஆவது கணக்கெடுப்பில் வருமானம், லாபம், விற்றுமுதல் எதுவும் கேட்கவில்லையம்மா. என்ன தொழில், யாருடையது, முதலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, கைவினையா கைத்தறியா, எத்தனை பேர், இந்த வகைக் கேள்விகள்தான். பண விவரம் வேண்டுமென்றால் மாதிரிச் சர்வே தனியாக நடக்கும். அந்தச் சர்வேக்கு எந்த இடத்தில் எத்தனை நிறுவனம் இருக்கிறது என்று தெரிந்தால்தானே மாதிரி எடுக்க முடியும்? பொருளாதாரக் கணக்கெடுப்பின் முக்கியப் பயன் அது. 8 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு 6-ஆவதில் பெயர், முகவரியோடு தனிப் பட்டியலும் எடுத்தார்கள். நம் தோல் கார்கானாவில் 7 பேர், அதனால் ஒரே ஆளில் தப்பியது. 7 என்று சொல்லப்பட்ட பட்டறைகளில் எத்தனை உண்மையில் 9, 10 என்பது மேற்பார்வையாளருக்குத் தெரியும். முதலாளி தன்னைச் சேர்த்துச் சொன்னாரா என்று ஒரு தடவை கூடக் கேட்டாலே பல இடத்தில் எண் மாறும்.

இப்போது செல்வியம்மா சொன்னதை அந்தச் சந்தில் ஓட்டிப் பாருங்கள். இட்லி வீட்டில் “வேலை யார் செய்றாங்க” என்றால் “அவர் மட்டும்தான்” என்று பதில் வரும். மூன்று மணிக்கு எழுந்தவர்கள் கணக்கில் இல்லை, 3 ஆள் 1 ஆகிவிடும். நூல் வெட்டும் அம்மா “சும்மாதான் இருக்கேன், பொழுதுபோக்குக்கு” என்பார். அந்த நிறுவனமே போயிற்று. 5 நிறுவனம் 4 ஆகிறது, 15 ஆள் 12 ஆகிறது. சென்சஸிலும் அதே மூன்று பெண்களும் “வேலை செய்யாதவர்” ஆனால் 16 என்பது 13. இரண்டு கணக்கும் ஒரே திசையில் குறைவதால், ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்க முடியாமல் போகிறது. இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் பிழை. பூட்டிய கடையை விட்டுவிடுவதுகூட மறுபடி போனால் சரியாகிவிடும்.

மாட்டுங்கா_மாணவி

வெளியிலிருந்து பார்க்கிற எனக்கு இந்தப் பிழை இருக்கிறதா என்று எப்படித் தெரியும் சார்? என்னிடம் தொகுத்த எண் மட்டும்தான் இருக்கிறது.

பழைய_மேற்பார்வை

இரண்டு இடத்தில் பாருங்கள்.

முதலில், வீட்டுக்குள் நடக்கும் நிறுவனங்கள் எத்தனை, அவற்றில் பெண்கள் எத்தனை. ஒரு கணக்கெடுப்புப் பிளாக் சுமாராக 600, 650 பேர், 125 முதல் 150 குடும்பம். தாராவியில் அவ்வளவு குடும்பத்தில் வீட்டுக்குள் ஒரு தொழில்கூட இல்லை என்று ஒரு பிளாக்கின் தொகுப்புத் தாள் வந்தால், தொழில் இல்லை என்று அர்த்தமில்லை, கேட்கவில்லை என்று அர்த்தம். களத்தில் மேற்பார்வையாளர் அந்தத் தாளைத் திருப்பி அனுப்ப வேண்டும். உங்களுக்கு பிளாக் அளவில் கிடைக்காது, ஆனால் பெரிய பகுதியாகப் பார்த்தாலும் பக்கத்துப் பகுதியோடு ஒப்பிட்டால் துருத்திக்கொண்டு தெரியும்.

அடுத்து, சென்சஸ் வீட்டுப் பட்டியலில் கடை, அலுவலகம், பட்டறை என்று எழுதிய கதவுகளின் எண்ணிக்கை. அதைப் பொருளாதாரக் கணக்கின் நிலையான இடமுள்ள நிறுவனங்களோடு வைத்துப் பாருங்கள். இந்த இரண்டும் இடத்தையே எண்ணுவதால் ஒப்பிடலாம். சரியாக ஒத்துவர வேண்டியதில்லை. ஒரே கதவுக்குள் இரண்டு நிறுவனம் இருக்கலாம், கோடவுன் மட்டும் இருக்கலாம். ஆனால் நிறுவனங்கள் கதவுகளைவிட மிகவும் குறைவாக இருந்தால் மேல்மாடிகளையும் உள்சந்துகளையும் விட்டுவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம்.

சயான்_சங்கரன்

லைசன்ஸ் விஷயத்துல ஒத்துக்கிறேன் சார். ஆனா ஒரு கதவுக்குள்ள ரெண்டு நிறுவனம்னு சொன்னீங்கள்ல, அதுல எனக்கு ஒரு கேள்வி. எங்க பக்கத்துல ஒரு கார்கானா. நாலு தையல்காரங்க அவங்கவங்க சொந்த மெஷினைக் கொண்டாந்து போட்டிருக்காங்க. இடத்துக்கு மாசாமாசம் வாடகை குடுக்கிறாங்க. மூணு சேட்டுக்குப் பீஸ் கணக்குல தைக்கிறாங்க. பூட்டு சாவி கார்கானா முதலாளிகிட்ட. இது ஒரு நிறுவனமா, அஞ்சா?

செம்பூர்_லலிதா

ஐந்து. மெஷின் அவர்களுடையது, வாடகை கொடுக்கிறார்கள், யாருக்குத் தைப்பது என்று அவர்களே முடிவு செய்கிறார்கள். கணக்கு வழக்கு தனி. நான்கு தனியாள் நிறுவனம், முதலாளியுடையது ஒன்று. சென்சஸிலும் இவர்கள் “தனியாகத் தொழில் செய்பவர்” என்று வருவார்கள், “ஊழியர்” அல்ல.

பழைய_மேற்பார்வை

நான் அவ்வளவு சீக்கிரம் ஐந்து போடமாட்டேன். மூன்று சேட்டில் இரண்டு பேரின் வேலையைக் கொண்டு வந்து பிரித்துக் கொடுப்பது அந்தக் கார்கானா முதலாளியே என்றால், வாடகை என்பது பீஸ் கூலியில் பிடித்தம் மட்டும்தான். அப்போது அவர்கள் அவருடைய ஆட்கள். மெஷின் யாருடையது என்பதைவிட வேலை யார் வழியாக வருகிறது, பணம் யார் கையிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். கேட்டாலும் முதலாளி ஒரு பதில் சொல்வார், தைப்பவர் இன்னொன்று சொல்வார். முதலாளிக்குச் சம்பள ஆள் என்று காட்டப் பிடிக்காது.

ஆள் எண்ணிக்கை எப்படிப் போட்டாலும் 5 தான். நிறுவன எண்ணிக்கை 1 ஆகவும் வரலாம் 5 ஆகவும் வரலாம், சம்பள ஆள் 4 ஆகவும் வரலாம் 0 ஆகவும் வரலாம். தாராவியின் தோல், தையல் இரண்டிலும் இந்த ஏற்பாடு பரவலாக இருப்பதால், மாணவி “நிறுவனங்கள் பெருகின” என்று எழுதும் முன் ஆள் எண்ணிக்கையும் கூடியதா என்று பார்க்க வேண்டும்.

செம்பூர்_லலிதா

சேட் மூன்று பேர் என்றால் அவர்கள் ஒருவருக்கு மட்டும் கட்டுப்பட்டவர்கள் இல்லையே சார். இன்னும் ஐந்து என்றுதான் சொல்வேன்.

பழைய_மேற்பார்வை

சேட் மாறினால் முதலாளியைக் கேட்காமல் போக முடியுமா என்று சங்கரன் ஒரு நாள் போய்க் கேட்டுச் சொல்லட்டும்.

மாட்டுங்கா_மாணவி

கடைசியாக ஒன்று. வேலைக்கு உள்ளே வருகிறவர், வெளியே போகிறவர் கணக்கைக் கழித்து எடுக்கக் கூடாது என்றீர்கள். வேறு எங்கே கிடைக்கும்? 7-ஆவது கணக்கெடுப்பு எண் எடுக்கலாமா?

செம்பூர்_லலிதா

7-ஆவது 2019-இல் மொபைல் செயலியோடு தொடங்கியது, முடிவுகள் வெளியாகவில்லை. அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

2011 சென்சஸில் வீட்டிலிருந்து வேலையிடம் எவ்வளவு தூரம், எதில் போகிறார் என்று ஒரு கேள்வி இருந்தது. பி-28 என்ற அட்டவணையைத் தேடுங்கள். மூன்று விஷயம் மனதில் வையுங்கள். அது “பிற தொழிலாளர்”க்கு மட்டும், செல்வி அக்கா மாதிரி வீட்டுத் தொழில் செய்பவர்களிடம் கேட்கவே இல்லை. மாவட்ட அளவில் எடுத்து, மும்பை நகரத்தையும் புறநகரையும் தனித்தனியாகப் பாருங்கள். தாராவி நகர மாவட்டத்தில் வரும், சயானைத் தாண்டிக் குர்லா போனால் புறநகர். அப்புறம், தூரம் தெரியுமே தவிர எந்த ஊருக்குப் போகிறார் என்று தெரியாது. 15 கிலோமீட்டர் என்றால் அது வடக்கே புறநகராகவும் இருக்கலாம், கிழக்கே வாஷிப் பக்கமாகவும் இருக்கலாம்.

சயான்_சங்கரன்

சாயங்காலம் கார்கானா பக்கம் போறேன். கேட்டுட்டு எழுதறேன். முதலாளி இல்லாத நேரமாப் பார்த்துத்தான் கேக்கணும்.